ஆட்டோவுக்கு பாஸ் கிடையாது

தென்மாவட்டக் கோயில் ஒன்றின் கும்பாபிஷேகத்துக்கு இரண்டு வாரமே இருந்தது. எழுபதைத் தாண்டிய ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், முழங்கால் வலியோடு என் அலுவலகப் படியேறி வந்தார். 60 வயது கடந்தவர்களின் வண்டிக்குக் கோபுர வாசல் வரை தனிப் பாதை உண்டு என்று விழாக்குழு அறிவித்திருந்தது. பாஸ் கேட்கப் போனவரிடம் என்ன வண்டி என்று கேட்டிருக்கிறார்கள். ஆட்டோ என்றதும், ஆட்டோவுக்கு பாஸ் கிடையாது என்று அனுப்பிவிட்டார்கள். கார், வேன், பஸ், இருசக்கர வாகனம் என நான்கு நிறங்களில் பாஸ் அச்சாகியிருந்தது. ஐந்தாவது நிறம் இல்லை.

“கார் வெச்சிருக்கவங்களுக்கு மட்டும்தான் வயசாகுமா தம்பி?” என்று கேட்டார். நான் எழுதிய ரிட் மனுவின் சாரம் அந்தக் கேள்விதான்.

மதுரைக் கிளையில் மனு விசாரணைக்கு வந்தபோது அரசு வழக்கறிஞர் மோட்டார் வாகனச் சட்டத்தின் 115ஆம் பிரிவைக் காட்டினார். பொதுமக்கள் பாதுகாப்பு, வசதி கருதி ஒரு பகுதியில் குறிப்பிட்ட வகை வாகனங்களைத் தடுக்க அது அதிகாரம் தருகிறது. அந்த அதிகாரத்தை நான் மறுக்கவில்லை. நிறுத்துமிடத்தைப் பொறுத்தவரை வாகன வகைப்படி பிரிப்பதுதான் நியாயமும்கூட. பஸ் அடைக்கும் இடமும் ஸ்கூட்டர் அடைக்கும் இடமும் ஒன்றல்ல.

ஆனால் எதிர்மனுவோடு வந்த பட்டியல் அந்த நியாயத்தையே பின்பற்றவில்லை. நிறுத்துமிட மைதானம் புலப்படத்தின்படி 0.92 ஹெக்டேர், அதாவது 9,200 சதுர மீட்டர். வண்டி உள்ளே வந்து திரும்பும் வழியையும் சேர்த்து ஒரு காருக்குத் திறந்தவெளியில் 23 சதுர மீட்டர் என்பது நகரத் திட்டமிடலில் புழங்கும் அளவு. அப்படியானால் மைதானம் 400 கார் கொள்ளும். அதே கணக்கில் இருசக்கர வாகனம் கால் கார். பஸ் இரண்டரை கார். கொடுக்கப்பட்டிருந்ததோ 300 கார் பாஸ், 600 இருசக்கர பாஸ், 40 பஸ் பாஸ். கூட்டினால் 300, 150, 100, மொத்தம் 550. வேன்களை இன்னும் சேர்க்கவேயில்லை. பாஸ்களின் எண்ணிக்கையைப் பார்த்தார்களே தவிர, அவை கேட்கும் தரையை யாரும் பார்க்கவில்லை.

மூத்தோருக்கான 120 கார் பாஸ்கள் இந்தக் கணக்கிலேயே வரவில்லை. அந்தக் கார்கள் தனிப் பாதையிலேயே நிற்கும் என்று எதிர்மனு சொன்னது. பாதையின் நீளம் 60 மீட்டர். காருக்கு 6 மீட்டர் வைத்தால் பத்துக் கார் நின்றதும் பாதை அடைபட்டுவிடும். பதினோராவது காரில் வரும் பெரியவர் சாலையிலேயே இறங்கி நடக்க வேண்டியதுதான். அதே பாதையில் வண்டி மூன்று நிமிடத்தில் ஆளை இறக்கிவிட்டு நகர்ந்தால், மணிக்கு இருநூறு வண்டி வந்துபோகலாம். அப்போது ஆட்டோவை ஒதுக்க இடநெருக்கடி என்ற காரணமும் இல்லை. இந்தக் கணக்கை ஒரே தாளில் எழுதி நீதிபதியிடம் கொடுத்தேன்.

அதன் பிறகு சட்ட வாதம் சுருக்கமாக முடிந்தது. வகைப்பிரிப்பு செல்ல வேண்டுமானால், பிரிக்கும் அடையாளத்துக்கும் பிரிப்பதன் நோக்கத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும். 1952இல் அன்வர் அலி சர்க்கார் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இந்த அளவுகோலை வைத்துவிட்டது. மைதானத்தின் நோக்கம் இடப் பங்கீடு. அங்கே வாகன வகை பொருத்தமான அடையாளம். தனிப் பாதையின் நோக்கமோ நடக்க இயலாதவரை வாசலில் சேர்ப்பது. அங்கே பார்க்க வேண்டியது அவர் வயதை. ஏறிவந்த வண்டியை அல்ல.

அப்போது அரசு வழக்கறிஞர் எழுப்பிய ஒரு கேள்வி நியாயமானது. எந்த வண்டியும் வரலாம் என்றால், ஒரே பாஸைக் கைமாற்றிப் பத்து வண்டி நுழையாதா? இதற்கு விடை தேடியதில்தான் உத்தரவு உருப்பெற்றது. பாஸ் பெரியவரின் பெயரில், வயதுச் சான்று பார்த்து வழங்கப்படும். வண்டி எண் தேவையில்லை. அதில் இரண்டு துண்டுகள். முதல் துண்டை நுழைவில் போலீசார் கிழித்துக்கொள்வார்கள். இரண்டாவது பெரியவரின் கையிலேயே இருக்கும். திரும்பும்போது அவரை ஏற்றிக்கொள்ள ஒரு வண்டியை அழைக்க அதுவே அனுமதி. துணைக்கு ஒருவர் உடன் வரலாம். பாதையில் எந்த வண்டியும், அதிகாரிகளின் வண்டி உட்பட, நிற்கக் கூடாது. பஸ்களும் வேன்களும் ஊருக்கு வெளியே வேறு திடலுக்கு மாற்றப்பட்டன. அப்படியும் மைதானத்தில் 450 கார் அளவுக்கு பாஸ் இருந்ததால், கார் பாஸ்களில் உபயதாரர்களுக்குக் கொடுத்திருந்தவற்றில் 50 திரும்பப் பெறப்பட்டது. அதற்குத்தான் விழாக்குழு கடைசிவரை முரண்டு பிடித்தது.

விழா முடிந்தபின், இனி உத்தரவிட ஒன்றுமில்லை என்று மனு முடித்துவைக்கப்பட்டது. இடைக்கால உத்தரவு அதனால் முன்தீர்ப்பாக நிற்காது. அந்த வருத்தம் எனக்கு உண்டு. ஆசிரியைக்கு அதன் நகலைக் கொடுத்தபோது, அடுத்த தெரு கோயில் தேரோட்டத்துக்கும் இதைக் காட்டலாமா என்று கேட்டார். இது அவர்களைக் கட்டுப்படுத்தாது, ஆனால் மனுவோடு இணைக்கலாம் என்றேன். இரண்டு நகல் கூடுதலாக வாங்கிக்கொண்டு போனார்.