கடலைக்குப் போட்ட அன்னபேதி எனக்கும் தேவைப்பட்டது

எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். தண்ணீர் இருக்கிற வருஷம் மார்கழிப் பட்டத்தில் நிலக்கடலை போடுவோம். மண்ணில் சுண்ணாம்பு அதிகம். அதனால் விதைத்த ஒரு மாதத்துக்குள் கொழுந்து இலை வெளுத்துப் போகும். நரம்பு மட்டும் பச்சையாக இருக்கும், நடுவில் மஞ்சள். இரும்புச்சத்துக் குறைபாடு என்று என் வீட்டுக்காரர் பார்த்ததும் சொல்லிவிடுவார். லிட்டருக்கு 10 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளித்தால் பத்து நாளில் பச்சை திரும்பிவிடும்.

மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு தை மாதம், அவர் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தபோது நான் வரப்பில் உட்கார்ந்திருந்தேன். களை எடுக்க வந்தவள்தான் நான். ஒரு சால் எடுப்பதற்குள் மூச்சு வாங்கியது, நெஞ்சு படபடத்தது. எனக்கு அப்போது 41 வயது. கூட வேலை செய்த அக்கா என் முகத்தைப் பார்த்து, "கடலைக்கு மருந்து அடிக்கிறாரே, உனக்கு என்ன அடிக்கிறது? நீயும் அதே மாதிரிதான் வெளுத்திருக்கே" என்றார். கேலியாகச் சொன்னது. ஆனால் அதுதான் உண்மை என்று பிறகு தெரிந்தது.

பழகிப்போன பெரும்பாடு

இரண்டு வருஷமாகவே எனக்கு மாதவிடாய் எட்டு நாள், ஒன்பது நாள் நீடித்தது. முதல் மூன்று நாளும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் மாற்ற வேண்டும். ராத்திரியில் இரண்டு தடவை எழுந்திருப்பேன். நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி கட்டியாகப் போகும். அத்தையிடம் சொன்னால், "நாற்பது வயசுல எல்லாருக்கும் அப்படித்தாம்மா, நின்னுபோற காலம்" என்பார். நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு பழக்கமும் வந்திருந்தது. சமைக்க எடுக்கிற பச்சரிசியை வாயில் போட்டு மெல்லுவேன். ஒரு நாளைக்கு ஒரு ஆழாக்கு போய்விடும். பச்சரிசி, சாம்பல், சாக்பீஸ், மண், ஐஸ் கட்டி இவற்றைத் தின்னத் தோன்றுவது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

எங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியர்தான் என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஹீமோகுளோபின் 7.4. கர்ப்பமில்லாத பெண்ணுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். 8-க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை.

முதல் தடவை செய்த தப்பு

பூச்சி மாத்திரை ஒன்றும், தினம் ஒன்று போட இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். வெறுங்காலோடு வயலில் நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழு இருந்தால், அதுவும் குடலில் ரத்தம் குடிக்கும் என்பதால்தான் பூச்சி மாத்திரை. மூன்று வாரத்தில் மூச்சு வாங்குவது குறைந்தது. பச்சரிசி ஆசையும் போய்விட்டது. ஆறாவது வாரம் பார்த்தபோது 10.2. இவ்வளவு நன்றாக இருக்கிறதே, இனி எதற்கு மாத்திரை என்று விட்டுவிட்டேன். மலச்சிக்கலும் ஒரு காரணம். மலம் கறுப்பாகப் போனது பயமாகவும் இருந்தது. உள்ளே சேராத இரும்புதான் அப்படிப் போகிறது, அதில் ஆபத்து இல்லை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அதற்குப் பதிலாகப் பேரீச்சம்பழம், பீட்ரூட், மாதுளை என்று வாங்கிச் சாப்பிட்டேன். மாதத்துக்குச் சில நூறு ரூபாய் போனது. ஆவணியில் மறுபடியும் படி ஏற முடியவில்லை. பரிசோதித்தால் 8.1.

டாக்டரம்மா போட்டுக்காட்டிய கணக்கு

இந்தத் தடவை பெண்கள் மருத்துவரிடம் போனேன். அவர் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். வரவு செலவு எழுதுகிற நமக்கு அது சட்டென்று புரியும்.

ஒரு மில்லி ரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. சாதாரணமாக ஒரு மாதவிடாயில் 30, 40 மில்லி ரத்தம் போகும். 80 மில்லிக்கு மேல் போனால் அதிகப் போக்கு. 100 மில்லி போகிறது என்று வைத்துக்கொண்டால் மாதம் 50 மில்லிகிராம் இரும்பு நஷ்டம். நாளுக்குப் பிரித்தால் ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல். இது இல்லாமல், தோல், குடல் வழியாகத் தினமும் ஒரு மில்லிகிராம் எல்லோருக்கும் போகும். ஆக, செலவு நாளுக்கு இரண்டரை.

வரவு என்ன? சோறு, குழம்பு, கீரை, தானியம் எல்லாம் சேர்ந்து நாளுக்கு 15 மில்லிகிராம் இரும்பு வயிற்றுக்குள் போகலாம். ஆனால் தாவர உணவில் இருக்கிற இரும்பில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பங்குதான் உடம்பில் சேரும். அதாவது ஒரு மில்லிகிராம், மிஞ்சினால் ஒன்றரை. தினமும் ஒரு மில்லிகிராம் பற்றாக்குறை. இப்படி வருஷக் கணக்கில் போனால் முதலில் ஈரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் இருக்கிற இருப்பு காலியாகும். அதன் பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும்.

"உங்க கிணறு மாதிரி நினைச்சுக்கோங்க. ஹீமோகுளோபின்ங்கிறது வாய்க்கால்ல ஓடுற தண்ணி. இருப்புங்கிறது கிணத்துல இருக்கிற தண்ணி. ஆறு வாரத்துல வாய்க்கால்ல தண்ணி வந்துச்சு, நிறுத்திட்டீங்க. கிணறு நிறையவே இல்லை" என்றார்.

அந்தக் கிணற்றின் ஆழத்தைக் காட்டுகிற பரிசோதனைக்கு ஃபெரிட்டின் என்று பெயர். 15-க்குக் கீழே இருந்தால் இருப்பு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு 5 இருந்தது. காய்ச்சல், வீக்கம் இருக்கும் சமயத்தில் எடுத்தால் இந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டும். அதனால் காய்ச்சல் விட்ட பிறகு எடுக்க வேண்டும்.

ஓட்டையை அடைக்காமல் நிறையாது

ஸ்கேன் எடுத்ததில் கர்ப்பப்பையின் உட்புறம் சின்ன நார்க்கட்டி தெரிந்தது. தைராய்டும் பார்த்தார்கள், அது சரியாக இருந்தது. மாதவிடாய் நாட்களில் மட்டும் போட ரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதமே போக்கு ஏறக்குறைய பாதியானது. கை, கால், நுரையீரலில் ரத்தம் உறைந்த வியாதி இருந்தவர்களுக்கு இந்த மாத்திரை ஆகாது. அதனால் கடையில் கேட்டு வாங்கிப் போடக்கூடாது.

இரும்பு மாத்திரை பழையதுதான், ஒன்றில் 60 மில்லிகிராம். இரும்பு குறைந்த உடம்பு அதிலிருந்து சுமார் 6 முதல் 10 மில்லிகிராம் வரை எடுத்துக்கொள்ளும். உணவில் ஒரு வாரம் சேர்வது ஒரு மாத்திரையில் சேர்கிறது. பள்ளம் இவ்வளவு ஆழமான பிறகு கீரையால் மட்டும் ஏன் மேலே வர முடியாது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். 'பெரஸ் சல்பேட்' என்று இருந்தது. நாங்கள் கடலைக்குத் தெளிக்கிற அன்னபேதிதான் அது! (அதற்காக உரக்கடை உப்பை யாரும் வாயில் போட்டுவிடாதீர்கள். அது சுத்தம் செய்யப்படாதது, விஷமாகிவிடும்.)

வெறும் வயிற்றில் போட்டால் நன்றாகச் சேரும் என்றார்கள். எனக்குக் குமட்டியதால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டேன். இரண்டாம் மாதம் மலச்சிக்கல் அதிகமானதும் டாக்டரம்மா ஒருநாள் விட்டு ஒருநாளாக மாற்றினார். இரும்பு போன மறுநாள் குடல் அதை வாங்குவதைக் குறைத்துக்கொள்ளுமாம். அதனால் ஒருநாள் இடைவெளி விட்டாலும் பெரிய நஷ்டமில்லை என்றார்.

மண்ணிலும் வயிற்றிலும் ஒரே கதை

எங்கள் மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வயிற்றிலும் அதே கதைதான். நான் சாப்பிட்ட கையோடு டீ குடிப்பவள். டீயில் உள்ள துவர்ப்பு இரும்பைக் கட்டிவிடும். கால்சியம் மாத்திரை, பால், நெஞ்செரிச்சலுக்குப் போடும் மாத்திரை எல்லாம் அப்படித்தான். டீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ என்று தள்ளி வைத்தேன். புளிப்பு இதற்கு நேர்மாறு. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா இவற்றில் உள்ள வைட்டமின் சி இரும்பை இளக்கிக் கொடுக்கும். மாத்திரையை எலுமிச்சைத் தண்ணீரோடு போட்டேன். முருங்கைக்கீரைப் பொரியலிலும் கொள்ளுச் சுண்டலிலும் எலுமிச்சை பிழிந்தேன்.

பேரீச்சை, மாதுளைச் செலவை நிறுத்திவிட்டு வாரம் ஒரு நாள் ஆட்டு ஈரல், இரண்டு நாள் மீன் என்று மாற்றினேன். ஈரல், கறி, மீனில் உள்ள இரும்பு, கீரையில் உள்ளதைவிட எளிதாகச் சேரும். பீட்ரூட்டின் சிவப்பு வெறும் நிறம்தான். நம் கம்பிலும் கொள்ளிலும் எள்ளிலும் அதைவிடப் பல மடங்கு இரும்பு இருக்கிறது. புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வைத்தால் சட்டியிலிருந்தும் கொஞ்சம் இறங்கும்.

எத்தனை நாள் ஆனது?

நான் குறித்து வைத்தது இது. ஆவணியில் 8.1. நான்கு வாரத்தில் 9.8. எட்டு வாரத்தில் 11.2. கார்த்திகையில், மூன்று மாதம் முடிந்தபோது 12.3. நான்கு வாரத்தில் ஒரு புள்ளிகூட ஏறவில்லை என்றால் மாத்திரை சரியாகப் போகிறதா, ரத்தம் வேறெங்காவது போகிறதா என்று மறுபடி பார்க்க வேண்டுமாம். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவார்கள்.

போன தடவை நான் நிறுத்திய இடத்துக்கும் மேலே வந்தாயிற்று. ஆனாலும் இந்தத் தடவை நிறுத்தவில்லை. 12-ஐத் தொட்ட பிறகு இன்னும் மூன்று மாதம் போட்டேன். அதுதான் கிணறு நிறைகிற காலம். மாசியில் ஃபெரிட்டின் 38. ஆக மொத்தம் ஆறு மாதம். மூச்சு வாங்குவது முதல் மாதமே சரியானது. முடி கொட்டுவது நிற்க ஐந்து மாதம் ஆனது.

கட்டி இன்னும் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்த்துக்கொள்கிறேன். இரும்பு மாத்திரையைப் பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பரண் மேல் வைத்திருக்கிறேன். மிட்டாய் என்று நாலைந்து விழுங்கினாலும் குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

ஒரு வாரத்துக்கு மேல் போக்கு, இரண்டு மணிக்கு ஒரு நாப்கின், பெரிய கட்டிகள், ராத்திரி எழுந்து மாற்றுவது, இதில் எது இருந்தாலும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும், மயக்கம் வந்தாலும், மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி போக வேண்டும். மாதவிடாய் நின்று ஒரு வருஷம் கழித்து ரத்தம் பட்டால், அது துளி என்றாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இந்தத் தையில் கடலைக்குக் களை எடுத்தேன். அந்த அக்காவுக்குப் பக்கத்துச் சால்தான் என்னுடையது. அவருக்கு முன்னால் முடித்துவிட்டு, வரப்பில் உட்காராமல் அடுத்த சாலுக்குப் போனேன். இப்போது அவர் முகம் வெளுத்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. வருகிற புதன்கிழமை கூட்டிக்கொண்டு போகப் போகிறேன்.