டோக்கியோவில் சீட்டு இயந்திரமும் இறாலும்

அக்டோபர் 14, செவ்வாய்

உயெனோ நிலையத்துக்கு அருகே நின்றபடியே சாப்பிடும் நூடுல்ஸ் கடை. வாசலில் சீட்டு இயந்திரம். அதில் சீட்டு எடுத்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். இந்தப் பழைய ரகத்தில் முதலில் பணத்தைப் போட வேண்டும். போட்ட பணத்துக்கு எட்டுகிற பொத்தான்களில் மட்டும் விளக்கு எரிகிறது. 1,000 யென் தாளைத்தான் வாங்குகிறது. 5,000, 10,000 தாள்களைத் துப்பிவிடுகிறது. 2024 ஜூலையில் வந்த புதிய தாள்களை ஏற்காத இயந்திரங்களும் இன்னும் இருக்கின்றன. அவற்றில் 新紙幣 என்ற எழுத்துகளோடு ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்தால் பழைய தாளையோ 100 யென் நாணயங்களையோ எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மேல் வரிசையில் முழுக் கிண்ணங்கள், அடியில் சிறு பொத்தான்களாகக் கூடுதல் சேர்க்கைகள்: முட்டை, வாக்கமே என்னும் கடற்பாசி, かき揚げ என்னும் காய்கறி வடை. ஒவ்வொன்றுக்கும் தனிச் சீட்டு விழும். வெறும் குழம்பு நூடுல்ஸ் சீட்டோடு இரண்டு சேர்க்கைச் சீட்டுகளையும் சேர்த்து மேடையில் வைத்தால் போதும். சோபாவா உடோனா என்று அங்கேதான் கேட்பார்கள்.

மனைவிக்கு இறால் ஆகாது. உதடு வீங்கி மூச்சு இழுக்கும். "என்னங்க, காய்கறி வடைதானே, போட்டுக்கலாமா?" என்றாள். படத்தில் வெங்காயமும் கேரட்டும்தான் தெரிந்தன. ஆனால் இந்த வடையில் பொடி இறால் சேர்ப்பது இங்கே சர்வ சாதாரணம். சேர்க்காவிட்டாலும், இறால் டெம்புரா பொரித்த அதே எண்ணெயில்தான் இதுவும் வேகும். தனுக்கி என்ற பொத்தான் இன்னும் ஏமாற்றும். அது டெம்புரா மாவுத் துணுக்குகளைத் தூவிய கிண்ணம். இறால் என்ற பேச்சே பொத்தானில் இருக்காது.

இதை நான் அழுத்தியே சொல்வேன்: பொத்தான் கிண்ணத்தில் என்ன விழுகிறது என்று மட்டும் சொல்லும். எந்த எண்ணெயில் வெந்தது, எந்தக் கரண்டி பட்டது என்று சொல்லாது. கோதுமை உடோனும் பக்வீட் சோபாவும் ஒரே கொப்பரையில் வேகும் கடைகள் ஏராளம். பக்வீட் ஆகாதவருக்கு உடோன் பொத்தானும் பாதுகாப்பில்லை.

பணம் போடுவதற்கு முன்பே மேடைக்குப் போய், ஜப்பானிய மொழியில் எழுதி வைத்திருந்த சீட்டை நீட்டினேன். இறால் ஒவ்வாமை இருக்கிறது; எண்ணெய் பொதுவா என்று அதில் இருந்தது. சமையல்காரர் இரண்டு கைகளையும் குறுக்கே வைத்துக் காட்டினார். வடை கூடாது என்று அர்த்தம். பிறகு வாக்கமேயையும் முட்டையையும் சுட்டிக்காட்டித் தலையாட்டினார். அவள் அவை இரண்டையும் சேர்த்து உடோன் சாப்பிட்டாள். குழம்பு கட்சுவோபுஷி மீன் சீவலில் காய்ச்சியது. இறால் ஒவ்வாமைக்கு அது தடையில்லை, சைவக்காரருக்குத் தடை.

அக்டோபர் 15, புதன்

இன்று தொடுதிரை உள்ள கடை. ஆங்கிலம் இருந்தது. அங்கேயே சாப்பிடவா, எடுத்துப் போகவா என்பது முதல் கேள்வி. விற்பனை வரி அங்கே உண்டால் 10 சதவீதம், எடுத்துப் போனால் 8. ஆனாலும் இரண்டுக்கும் ஒரே விலை போடும் கடைகள் உண்டு.

ஒவ்வாமைப் பட்டியலுக்கு ஒரு கியூஆர் குறி இருந்தது. பொட்டலம் கட்டிய உணவில் சில பொருள்களைக் கட்டாயமாக அச்சிட வேண்டும் என்கிறது ஜப்பானியச் சட்டம். முட்டை, பால், கோதுமை, பக்வீட், நிலக்கடலை, இறால், நண்டு, வால்நட் ஆகியவை அவற்றில் அடங்கும். உணவகத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. விரும்பிய கடைகள்தான் பட்டியல் தருகின்றன. அதன் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: ஒரே சமையலறையில் செய்வதால் கலப்புக்கு உத்தரவாதம் இல்லை. அந்த வரியைத்தான் முதலில் தேட வேண்டும். திரையில் ஒரு சேர்க்கையை நீக்கிவிட்டாலும் அது ருசிக்கான குறிப்பாகத்தான் அடுக்களைக்குப் போகும். ஒவ்வாமை என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால் இங்கேயும் ஆளைக் கூப்பிட்டுக் கேட்டோம். பொரித்தது எல்லாம் ஒரே எண்ணெய்தான் என்றார். இனிப்பாக வேகவைத்த டோஃபுத் துண்டு போட்ட கிட்சுனே உடோனை அவள் எடுத்துக்கொண்டாள். அந்த டோஃபு வெளியிலிருந்து பொரித்தே வருகிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

பணம் கட்டும் முறை நேற்றைக்கு நேர்மாறு: எல்லாவற்றையும் தேர்ந்த பிறகு ரொக்கமா, சுய்காவா, கியூஆரா, கடன் அட்டையா என்று திரை கேட்கிறது. சுய்கா ரயில் அட்டையில் மீதி குறைவாக இருந்ததால் கடன் அட்டையை நீட்டினேன். உடனே ரூபாயிலா யென்னிலா என்றது. ரூபாயில் தொகை தெரிவது வசதியாகத் தோன்றும். ஆனால் அந்த மாற்று விகிதத்தைப் போடுவது கடைக்கு அட்டை வசதி தரும் நிறுவனம். தன் லாபத்தையும் அதில் சேர்த்தே போடும். யென்னைத் தொட்டால் அட்டை வலையமைப்பின் விகிதமும் நம் வங்கியின் வெளிநாட்டுக் கட்டணமும்தான். யென்னையே தொட்டேன்.

சீட்டு விழுந்த பிறகு மனம் மாறினால், அதை மேடையில் கொடுப்பதற்கு முன் சொல்லிவிட வேண்டும். சமையல் தொடங்கிவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது.