மூன்று மில்லிமீட்டரும் நான்கு மில்லிமீட்டரும்

நண்பர்கள் சிலர் என் தந்தையாரின் உடல்நிலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். தனித்தனியாக விடை எழுதுவதைவிட இங்கே ஒருமுறை விரிவாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. என் ஆய்வே சி.டி. படிமங்களில் ஏற்படும் அளவீட்டுப் பிழைகளைப் பற்றியது. ஆகவே, இதில் மகனாக நான் பதறிய இடங்களும் உண்டு. ஆய்வாளனாக நின்று யோசித்த இடங்களும் உண்டு. இரண்டையும் பிரித்து எழுத என்னால் இயலவில்லை.

2023 பிப்ரவரியில் அப்பாவுக்கு வயது 66. ரயில்வே கணக்குப் பிரிவில் ஓய்வு பெற்று செகந்திராபாதிலேயே தங்கிவிட்டவர். நீண்டகால நீரிழிவு, கிரியேட்டினின் 1.6, அதாவது சிறுநீரகங்களின் வடிகட்டும் திறன் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. பித்தப்பைக் கல்லுக்காக எடுத்த அல்ட்ராசவுண்டில், தேடாமலேயே இடது சிறுநீரகத்தில் ஒரு நீர்க்கட்டி தென்பட்டது. உள்ளே தடுப்புகள் இருப்பதால் சி.டி. எடுக்கச் சொன்னார்கள். நகரின் ஒரு ஸ்கேன் மையத்தில் எடுத்தோம். அறிக்கையின் கடைசி வரி: 42 மில்லிமீட்டர் நீர்க்கட்டி, தடித்த தடுப்பு, போஸ்னியாக் மூன்றாம் வகை. அதைப் படித்த அறுவை மருத்துவர், மூன்று வாரங்களுக்குள் கட்டியுள்ள பகுதியை வெட்டியெடுத்துவிடலாம் என்றார்.

அறிமுகமில்லாதவர்களுக்காக இந்த வகைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கதிரியலாளர் மார்ட்டன் போஸ்னியாக் 1986-இல் இதை முன்வைத்தார். வயதானவர்களின் சிறுநீரகங்களில் நீர்க்கட்டி மிகச் சாதாரணம். அவற்றில் பெரும்பான்மை தீங்கற்றவை. சில புற்றுநோய்கள் நீர்க்கட்டியின் வேடத்தில் வருபவை. வெளியிலிருந்து பார்த்தே இவற்றைப் பிரிப்பது எப்படி என்பதே அவருடைய கேள்வி. மெல்லிய உறையும் தெளிந்த நீருமாக இருப்பது முதல் வகை. ஓரிரண்டு மெல்லிய தடுப்புகள் கொண்டது இரண்டாம் வகை. இவ்விரண்டையும் மறந்துவிடலாம். தடுப்போ உறையோ தடித்தோ கரடுமுரடாகவோ இருந்து, கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தியபின் ஒளிர்ந்தால் மூன்றாம் வகை. ஒளிரும் முடிச்சு இருந்தால் நான்காம் வகை. அறுவை செய்யப்பட்டவற்றில் நான்காம் வகையில் பத்துக்கு ஒன்பது புற்றுநோயாக இருக்கும். மூன்றாம் வகையில் ஏறத்தாழப் பாதிதான். மறுபாதி பழைய இரத்தக்கசிவோ, அழற்சியோ, தீங்கற்ற கட்டியோ ஆகும். ஆகவே, மூன்றாம் வகை என்று எழுதியதும் கத்தியை எடுப்பது இருவரில் ஒருவருக்குத் தேவையற்ற அறுவை.

இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே பிற்பாடு 1990-களில் ஒரு வகை சேர்ந்தது: 2எஃப். எஃப் என்பது தொடர்ந்து கவனித்தல் என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. உடனே வெட்டவும் வேண்டாம், மறந்துவிடவும் வேண்டாம் என்பது இதன் பொருள். முந்தைய வரையறைகளில் ‘மெல்லிய’, ‘சற்றே தடித்த’ என்ற சொற்களே இருந்தன. ஆளுக்கொரு கண் என்பதால் ஒரே படத்தை ஒருவர் 2எஃப் என்பார், மற்றவர் மூன்று என்பார். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அவற்றுக்கு எண்களைக் கொடுத்தது. இரண்டு மில்லிமீட்டர் வரை மெல்லியது. மூன்று என்றால் சற்றே தடித்தது, அது வழவழப்பாக இருந்தால் 2எஃப். நான்கும் அதற்கு மேலும் தடித்தது, மூன்றாம் வகை.

அறிக்கையில் அப்பாவின் தடுப்பு நான்கு மில்லிமீட்டர்.

அந்த எண்ணைக் கண்டதும் எனக்குள் இருந்த ஆய்வாளன் விழித்துக்கொண்டான். வயிற்று சி.டி. ஒன்றில் 360 மில்லிமீட்டர் அகலத்தை 512 புள்ளிகளாகப் பிரித்தால் ஒரு புள்ளி 0.7 மில்லிமீட்டர். மூன்றுக்கும் நான்குக்கும் இடையே இருப்பது ஒன்றரைப் புள்ளி! குறுந்தட்டைத் திறந்து பார்த்தேன். படத்துண்டுகள் ஐந்து மில்லிமீட்டர் தடிமன். தடுப்பு நேராக நிற்காமல் சாய்ந்து ஓடுகிறது. தடித்த துண்டின் ஊடே சாய்ந்து செல்லும் தாள் போன்ற பொருள், அத்துண்டின் முழு உயரத்திலும் பரவி, உள்ளதைவிடத் தடிப்பாகவே படியும். என் ஆய்வேட்டின் இரண்டாம் இயல் முழுவதும் இதுதான். ஆனால், தந்தையின் சிறுநீரகத்தைப் பார்க்கும்போது தனக்குச் சாதகமான பிழையைத் தேடும் மனம் எவருக்கும் இருக்கும். ஆகையால் என் கணக்கை நான் நம்பவில்லை.

எனக்குப் பாடம் எடுத்திருந்த ஓய்வுபெற்ற கதிரியல் பேராசிரியை ஒருவரிடம் படங்களைக் கொண்டுபோனேன். அம்மையார் கணினியில் இரண்டு நிமிடம் உருட்டிப் பார்த்துவிட்டு, “மருந்து போடுவதற்கு முன் எடுத்த கட்டம் எங்கே தம்பி?” என்றார். இல்லை. நேரமும் கதிர்வீச்சும் மிச்சம் என்று மருந்துக்குப் பிந்திய கட்டம் மட்டும் எடுத்திருந்தார்கள். அதில் கட்டியின் உள்நீர் 38 ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு காட்டியது. தூய நீர்க்கட்டியில் அது 20-க்குள் இருக்க வேண்டும். இந்த 38 முன்பே இருந்த பழைய இரத்தமோ புரதமோ கலந்த நீரா, அல்லது இரத்த ஓட்டமுள்ள திசு மருந்தை உறிஞ்சியதா? முந்தைய எண் இல்லாமல் இதற்கு விடையே கிடையாது. இருபதும் அதற்கு மேலும் ஏறினால்தான் ஒளிர்கிறது என்று கொள்வார்கள். பத்துக்குள் என்றால் ஏறவில்லை.

“வகையை எனக்குச் சொல்லாதீர்கள். தடுப்பு எத்தனை, எவ்வளவு தடிப்பு, வழவழப்பா முண்டும் முடிச்சுமா, ஒளிர்கிறதா? இதைச் சொன்னால் வகை தானே வந்துவிடும்,” என்றார். காய்ச்சலோ இடுப்பு வலியோ உண்டா, ஆடு, நாய் வளர்த்த வீடா என்றும் கேட்டார். சீழ்க்கட்டியும் நாடாப்புழுவின் ஹைடாடிட் கட்டியும் தடித்த உறையும் பல அறைகளுமாக மூன்றாம் வகையைப் போலவே நடிக்கும்; அவற்றுக்கு இந்த வகைப்பாடு பொருந்தாது. அப்பாவுக்கு இவை எதுவும் இல்லை.

மார்ச்சில் வேறோர் இடத்தில் முறைப்படி மீண்டும் எடுத்தோம். மருந்துக்கு முன் ஒரு கட்டம், செலுத்தி நூறு விநாடி கழித்து ஒரு கட்டம், ஒரு மில்லிமீட்டர் துண்டுகள். சிறுநீரகத் திறன் குறைந்தவருக்கு மருந்து மறுமுறையா என்ற தயக்கம் எனக்கு இருந்தது. அப்பாவின் நிலையில் அது ஏற்கத்தக்கதே என்று சிறுநீரக மருத்துவர் உறுதி சொன்னபிறகே சம்மதித்தோம். உள்நீர் முன்பு 36, பின்பு 38: ஏற்றமில்லை, பழைய புரத நீர்தான். தடுப்புகள் மூன்று. இரண்டு மயிரிழை. மூன்றாவதைச் செங்குத்தாக வெட்டிய தளத்தில் அளந்தபோது மூன்று மில்லிமீட்டர், மெலிதாக ஒளிர்கிறது, முழு நீளமும் வழவழப்பு, முடிச்சில்லை. 2எஃப்.

மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆயினும் கேட்டேன்: “அம்மா, உங்கள் மூன்றும் ஒன்றரைப் புள்ளியில்தானே நிற்கிறது?” அவர் மறுக்கவில்லை. இங்கே தவறினாலும் விலை பெரிதில்லை என்பதே அவருடைய பதில். இத்தகைய நீர்த்த கட்டிகளில் புற்றுநோய் இருந்தாலும் அது பெரும்பாலும் மெதுவாக வளர்வது. பிற உறுப்புகளுக்குப் பரவுவது அரிது. இவ்வினத்தில் ஒன்றை 2016-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு ‘புற்றுநோய்’ என்ற பெயரிலிருந்தே நீக்கிவிட்டது. மாறாக, பாதித் திறன் மட்டுமே மிஞ்சிய ஒருவரின் சிறுநீரகத்திலிருந்து ஒரு பகுதியை எடுத்தால் அந்த இழப்பு திரும்பாது, டயாலிசிஸ் நெருங்கும். உண்மையில் அது மூன்றாம் வகையாகவே இருந்தாலும், அப்பாவைப் போன்றவருக்குக் கவனித்திருத்தல் ஒரு முறையான வழியே என்றார்.

ஊசி குத்தித் திசு எடுத்துப் பார்த்தால் ஐயம் தீருமே என்று உறவினர் பலரும் கேட்டார்கள். திடமான கட்டிக்கு அது உதவும். நீர்க்கட்டியில் ஊசிக்குப் பெரும்பாலும் நீரே கிடைக்கும். மூன்று மில்லிமீட்டர் தடுப்பில் நோயுள்ள இடத்தைத் தொட்டோமா என்று தெரியாது. ‘புற்றணு இல்லை’ என்று வந்தால் அதை நம்ப முடியாது.

கவனிப்பதன் அட்டவணை திட்டமானது: ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், பிறகு ஆண்டுக்கொரு முறை, மொத்தம் ஐந்தாண்டு. ஒவ்வொரு முறையும் அதே முறையில் எடுக்க வேண்டும். அண்மைப் படத்தோடு மட்டுமன்றி முதற்படத்தோடும் ஒப்பிட வேண்டும். ஆண்டுக்குக் கால் மில்லிமீட்டர் தடித்தால் அடுத்தடுத்த படங்களில் அது கண்ணுக்குத் தெரியாது.

அப்பாவுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. “வெட்டிப் போட்டால் தொல்லை தீரும். அஞ்சு வருஷம் இதை வயித்துல வச்சுக்கிட்டு இருக்கணுமா?” என்றார். கணக்கைத் திறந்தே வைத்திருப்பது அவர் தொழிலில் குற்றம். செப்டம்பர் ஸ்கேனுக்கு முந்தைய வாரம் முழுவதும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மாற்றமில்லை என்று வந்தது.

2024 மார்ச்சில் கட்டி 47 மில்லிமீட்டர். அறிக்கையை என்னிடம் நீட்டியபோது அவர் கை நடுங்கியது. அறுவைக்கு நாள் குறிக்கச் சொன்னார். நானும் ஒரு கணம் ஆடிப்போனேன். பேராசிரியை முதல் வரியைப் பார்க்கவேயில்லை. நேரே தடுப்புக்குப் போனார். அதே மூன்று மில்லிமீட்டர், அதே வழவழப்பு, புதிய முடிச்சு எதுவும் இல்லை. அளவு பெருகுவது இந்த வகைப்பாட்டில் ஓர் அளவுகோலே அன்று. சாதாரண நீர்க்கட்டிகளும் ஆண்டுதோறும் நீர் சேர்ந்து பெருகும். தடுப்பு நான்கைத் தொட்டாலோ, கரடு தட்டினாலோ, எங்காவது ஒரு முடிச்சு ஒளிர்ந்தாலோ அன்றே பேச்சு மாறும். 2எஃப் கட்டிகளில் ஏறக்குறைய எட்டில் ஒன்று அவ்வாறு மாறுகிறது. மாறியவற்றில் பெரும்பாலானவை புற்றுநோய்தான். இதையும் அப்பாவிடம் மறைக்காமல் சொன்னோம். எதைக் கண்டால் வெட்டுவோம் என்று தெரிந்தபிறகுதான் அவர் சற்று அடங்கினார்.

2025-இல் கதிர்வீச்சைத் தவிர்க்க எம்.ஆர்.ஐ.க்கு மாறலாமா என்று கேட்டேன். சி.டி.யில் தெரியாத தடுப்புகளும் அதில் தெரியும், நோய் மாறாமலேயே வகை ஏறிவிடக்கூடும், இவர் வயதில் இந்தக் கதிர்வீச்சுக்கு அஞ்ச வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார். சி.டி.யே எடுத்தோம். 48 மில்லிமீட்டர், தடுப்பு மூன்று. கிரியேட்டினின் 1.7.

இப்போது அப்பா தம் பழைய பேரேட்டு நோட்டு ஒன்றில் நான்கு பத்தி கோடு கிழித்து வைத்திருக்கிறார்: தேதி, தடுப்பு, முடிச்சு, கிரியேட்டினின். கட்டியின் அளவுக்கு அதில் பத்தி இல்லை. அடுத்த வரி 2026 மார்ச்சில் எழுத வேண்டும். கடைசி வரி 2028-இல்.