எங்கள் சேடக்

1984-இல் துறைமுகத்தில் வேலை பார்த்தபோது வண்டி வாங்க நினைத்தேன். எனக்கு ராஜ்தூத் மேல்தான் ஆசை. பெரிய சக்கரம், உப்பளச் சாலையில் ஆடிக்காற்று பக்கவாட்டில் அடித்தாலும் அவ்வளவாக அலைக்கழியாது.

“பிள்ளைய எங்கன வைப்பிய? டாங்க் மேலயா?” என்றாள் வீட்டுக்காரி. அரிசிப் பைக்கும் இடமில்லை. சேடக் வாங்கினோம்.

சேடக்கில் இஞ்சின் வலப்பக்கம். தனியே போனால் அந்தப் பக்கம் லேசாகச் சாயும். அவள் இடப்பக்கம் கால்போட்டு உட்கார்ந்ததும் சரியாகிவிடும். மகன் முன்னால் நிற்பான். பை அவன் காலடியில், தாழ்வாக.

ஒருநாள் அவசரத்தில் பையை ஹேண்டிலில் மாட்டினேன். காற்று அடித்தபோது பை ஆடியது. சின்னச் சக்கரம் திரும்பிவிட்டது. மகனுக்கு முழங்காலில் தழும்பு இன்னும் இருக்கிறது.