கயிறு சாய்ந்திருந்தது

ஹுன்னஸ்கிரியவில் எங்கள் தோட்டத்துக் குளத்தின் ஆழத்தை அளந்தவன் நான். பிழையாக அளந்தேன். பிழை என்று ஒருவர் அங்கேயே சொன்னார், நான் கேட்கவில்லை. பின்னால் அதன் பழி இன்னொருவன் மேல் விழுந்தபோது வாய் திறக்காமல் இருந்தேன். மூன்றும் வேறு வேறு குற்றங்கள். மூன்றையும் சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

துரைமார் காலத்தில் கட்டிய கரை. இரண்டு மலைமடிப்புக்கு நடுவே தண்ணீர் தேங்கி நிற்கும். லயத்துச் சனங்கள் குடிக்கவும் குளிக்கவும் பீலியை நம்பியிருந்தார்கள். மாசி, பங்குனியில் பீலி நூலாகிவிடும். குளத்திலிருந்து குழாய் இழுத்தால் அந்த இரண்டு மாதத்தைக் கடத்தலாம் என்று ஊர்க்கமிட்டி முடிவு செய்தது. வீட்டுக்கு வீடு காசு சேர்த்தார்கள். கொழுந்து பறித்துக் கிடைத்த காசு அது.

கரையைத் தாண்டிக் கீழே இறங்கும் குழாய். மோட்டார் இல்லை. உறிஞ்சல் பிடித்துவிட்டால் தண்ணீர் தானாக வரும். கரைக்குக் கரை ஒரு கம்பியை இழுத்துக் கட்டி, அதிலிருந்து குழாயின் வாயைத் தண்ணீருக்குள் தொங்கவிடுவது திட்டம். வாய் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறதோ அந்த மட்டம் வரைக்கும்தான் தண்ணீரை எடுக்க முடியும். மேலே நின்றால் கோடையில் வாய் காற்றில் தொங்கும். மிகவும் கீழே போனால் சேற்றைக் குடிக்கும். ஆகவே குளத்தின் ஆழம் தெரிந்தாக வேண்டும். நான் கணித ஆசிரியன். என்னிடம் வந்தார்கள்.

சின்ன விஷயங்களில் நான் கவனமாகத்தான் இருந்தேன். நைலோன் கயிறு பாரத்தில் இழுபடும். அதனால் கயிற்றை நனைத்து, இரண்டு கிலோ படிக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, அந்த நிலையிலேயே அரை மீற்றருக்கு ஒரு துணி முடிச்சுப் போட்டேன். கயிறு நீர்மட்டத்தைத் தொடும் இடத்தில்தான் அளவை வாசிக்க வேண்டும், கைப்பிடியில் அல்ல என்பதும் தெரியும். சாய்வைப் பார்க்கப் பாடசாலைப் பாகைமானியில் நூலும் ஒரு நட்டும் கட்டி எடுத்துப் போனேன். இவ்வளவும் சரியாகச் செய்ததால் மிச்சமும் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டேன்.

ஆடி மாதம். காற்று மலையிலிருந்து இறங்கிக் குளத்தின் மேல் நேராக அடித்தது. லொறி டியூபும் மூங்கிலும் சேர்த்துக் கட்டிய தெப்பத்தில் நானும் ஒரு பெரியவரும் போனோம். அவர் விக்டோரியா நீர்த்தேக்கத்தில் பல வருஷம் வலை போட்டவர். பழைய தெல்தெனிய நகரத்தை மூழ்கடித்து 1985இல் திறந்த தேக்கம் அது. அங்கே கல்லுக் கட்டிய கயிற்றை இறக்கி இறக்கி ஆழம் பார்த்துப் பழகிய கை அவருடையது.

நடுக்குளத்தில் கல்லை இறக்கினேன். தரை தட்டியது கைக்குத் தெரிந்தது. கயிற்றை இறுக்கிப் பிடித்து முடிச்சைப் பார்ப்பதற்குள் காற்று தெப்பத்தைத் தள்ளிவிட்டது. கயிறு சாய்ந்தது. பாகைமானியை வைத்தேன். செங்குத்திலிருந்து 30 பாகை. நீர்மட்டத்தில் 7.50 மீற்றர்.

"சேர், கயிறு நேரா நிக்கல. தெப்பம் ஓடுது," என்றார் அவர். "கம்பிய மொதல்ல இழுத்துருவோம். அதுல தெப்பத்தக் கட்டிட்டு அளந்தா அசையாது."

கம்பி இழுக்க இன்னொரு நாள் ஆகும். கரையில் ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அளக்காமல் திரும்பினால் சேருக்கு முடியவில்லை என்று நினைப்பார்கள் என்று பயந்தேன். "சாய்வுக்குக் கணக்கு இருக்கு, எனக்குத் தெரியும்," என்றேன். நான் சொன்ன தொனி அவரை அடக்குவதற்கானது. அவர் அதற்குப் பிறகு பேசவில்லை.

எனக்குத் தெரிந்திருந்த கணக்கு இதுதான். ஆறுகளில் நீரோட்டம் அளப்பவர்களுக்கு ஒரு திருத்த அட்டவணை உண்டு. பாலத்திலிருந்து பாரக் குண்டைக் கம்பியில் இறக்கும்போது ஓட்டம் கம்பியைச் சாய்க்கும். சாய்வு 10 பாகை என்றால் தண்ணீருக்குள் இருக்கும் கம்பியின் நீளத்தில் 0.5 சதவீதத்தைக் கழிக்க வேண்டும். 20 பாகைக்கு 2 சதவீதம். 30 பாகைக்கு 4.72 சதவீதம். அந்த அட்டவணையை எப்போதோ ஒரு புத்தகத்தில் படித்திருந்தேன். கொப்பியில் எழுதியும் வைத்திருந்தேன். 7.50இல் 4.72 சதவீதம் கழித்தேன். 7.15 வந்தது. தரையிலிருந்து 55 சென்ரிமீற்றர் விட்டு, குழாய் வாயை 6.60இல் வைக்கச் சொன்னேன்.

அட்டவணையில் பிழை இல்லை. அது எங்கள் குளத்துக்கு உரியதல்ல. ஆற்றில் கம்பியைச் சாய்ப்பது தண்ணீர். ஓட்டம் மேலே வேகமாகவும் அடியில் மெதுவாகவும் இருக்கும். பாரமான குண்டு கீழ்முனையைச் செங்குத்தாக இழுத்துப் பிடித்திருக்கும். ஆகவே கம்பி வளைந்து நிற்கும். மேலே 30 பாகை தெரிந்தாலும் கீழே போகப் போக நிமிர்ந்துவிடும். மொத்த நீளம் உண்மையான ஆழத்தைவிடக் கொஞ்சம்தான் கூடும். அந்தக் கொஞ்சத்தைத்தான் 4.72 சதவீதம் என்கிறார்கள்.

குளத்தில் ஓட்டம் இல்லை. தண்ணீர் கயிற்றைத் தொடவேயில்லை என்று சொல்லலாம். கல் தரையில் கிடக்கிறது. மேல்முனையைத் தெப்பம் இழுத்துக்கொண்டு போகிறது. இரண்டுக்கும் நடுவே கயிறு விறைத்து நேர்கோடாக நிற்கிறது. மேலே 30 பாகை என்றால் அடிவரைக்கும் 30 பாகை. அது செங்கோண முக்கோணத்தின் செம்பக்கம். பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நானே கரும்பலகையில் போட்டுக் காட்டும் படம்.

7.50 × cos 30° = 6.50

கழிக்க வேண்டியது 13 சதவீதத்துக்கும் மேல். நான் கழித்தது 5 சதவீதத்துக்கும் கீழ். 65 சென்ரிமீற்றர் ஆழத்தை, இல்லாத ஆழத்தை, குளத்தின் அடியில் சேர்த்துவிட்டேன். தரைக்கு மேல் 55 சென்ரிமீற்றரில் நிற்க வேண்டிய குழாய் வாய் தரைக்கும் கீழே போய்விட்டது.

கயிறு ஏன் சாய்கிறது என்று ஒரு நிமிஷம் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. எளிய கோசைன் கணக்கு என் கையில் இருந்தது. ஆற்றுக்காரர்களின் அட்டவணை பெரிய விஷயமாகத் தெரிந்தது. கரையில் நின்றவர்களுக்குத் தெரியாத ஒன்றைப் பயன்படுத்த ஆசைப்பட்டேன். அது ஆணவம். வேறு பெயர் இல்லை.

கம்பி இழுத்து, குழாயை ஓர் இளைஞன் இறக்கினான். தோட்டத்தில் குழாய் வேலை தெரிந்த பையன். நான் சொன்ன அளவுக்கு ஓர் அங்குலம்கூட மாறாமல் கட்டினான். வாய்க்கு வலை போட்டதும் அவன்தான். முதல் தண்ணீர் கலங்கலாக வந்தது. புதுக் குழாய், தெளிந்துவிடும் என்றேன். சேறு இளகலாக இருந்ததால் உறிஞ்சல் இழுத்துக்கொண்டுதான் இருந்தது. மழை மாதங்களில் குளம் நிறைந்து நின்றது. மேல்மட்டம் உயர்ந்திருந்ததால் இழுப்பும் பலமாக இருந்தது. மாசியில் மட்டம் இறங்கியது. மட்டம் இறங்க இறங்க இழுப்பு குறையும். சேற்றைத் தள்ளிக்கொண்டு வரும் பலம் போய்விட்டது. வலை அடைத்தது. பங்குனியில், எந்த மாதத்துக்காகக் காசு சேர்த்தார்களோ அந்த மாதத்தில், குழாய் நின்றது.

பெண்கள் மீண்டும் குடத்தோடு பக்கத்து டிவிஷன் பீலிக்கு நடந்தார்கள். கொழுந்து மலைக்குப் போகுமுன் ஒரு நடை, வந்தபின் ஒரு நடை. பிள்ளைகளும் போனார்கள். என் வகுப்பில் ஒரு பிள்ளை காலையில் தாமதமாக வந்தாள். சட்டைத் தோள் நனைந்திருந்தது. எல்லார் முன்னாலும் அவளை நிற்க வைத்து ஏசினேன். தண்ணீர் எடுக்கப் போனேன் சேர் என்று அவள் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த பிள்ளை சொன்னாள்.

அன்றிரவு கொப்பியை எடுத்தேன். 7.50, 30 பாகை, இரண்டும் என் கையெழுத்தில் இருந்தன. கோசைனால் பெருக்கினேன். 6.50. திரும்ப அளக்கத் தேவையே இல்லை. விடை அத்தனை மாதமும் என் மேசையில் கிடந்திருக்கிறது.

அடுத்து வந்த கூட்டத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு முன்னே ஒருவர், வலை மலிவானது, காசில் மிச்சம் பிடித்துவிட்டான் என்று அந்தப் பையனைக் குற்றம் சொன்னார். இன்னொருவர், ஒழுங்காக இறக்கவில்லை என்றார். பையன் என்னைப் பார்த்தான். அளவு தந்தவன் நான் என்று அவனுக்குத் தெரியும். நான் கையிலிருந்த பேனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவரும் அங்கே இருந்தார். அவரும் என்னைத்தான் பார்த்தார். கூட்டம் முடியும் வரை நான் பேசவில்லை. அளவில் பிழைத்தது அரைகுறை அறிவால் என்று ஒரு வாதமாவது வைக்கலாம். இதற்கு வைக்க ஒன்றுமில்லை. எல்லாம் தெரிந்த பிறகு செய்தது இது.

பெரியவரின் வீட்டுக்குப் போய்த் திரும்ப அளக்க வரச் சொன்னேன். வந்தார். இந்த முறை அவர் சொன்னபடி தெப்பத்தைக் கம்பியில் கட்டினோம். அசையாத இடத்திலிருந்து இறக்கினால் திருத்தமே வேண்டாம். 1846இல் அமெரிக்காவில் வோல்டன் குளத்தை அளந்த தோரோ, அது உறைந்திருந்தபோது பனிக்கட்டியில் துளையிட்டுக் கயிற்றை இறக்கினார். காலடி நகரவில்லை, கயிறும் சாயவில்லை. அவர் கண்ட 102 அடியை இன்றைய கருவிகளும் ஏறக்குறைய ஒத்துக்கொள்கின்றன. கல்லைத் தரையில் தட்டவிட்டு, ஒரு சாண் தூக்கி, கயிறு ஆடி அடங்கியதும் மெல்ல இறக்கினார் பெரியவர். 4.70. கரைக்கல்லில் போட்டிருந்த அடையாளத்தின்படி ஆடி மாதத்திலிருந்து மட்டம் 1.80 இறங்கியிருந்தது. கூட்டினால் 6.50. பிறகு படிக்கல்லின் அடியில் ஒரு பேணி மூடியைக் கட்டச் சொன்னார். தட்டையாக இருந்ததால் அது சேற்றுக்குள் புதையாமல் மேலேயே நின்றது. பத்துச் சென்ரிமீற்றர் குறைந்தது. அப்படியானால் நான் வைத்த வாய் சேற்றுக்குள் இருபது சென்ரிமீற்றர் இருந்திருக்கிறது. இது நான் யோசித்தேயிராத விஷயம். முதல்நாளே அவரிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

வாயை 5.85க்குத் தூக்கினோம். தண்ணீர் தெளிவாக வருகிறது. ஆனால் 5.85க்குக் கீழே இருப்பதை எடுக்க முடியாது. நான் கணக்கில் காட்டிய தண்ணீரில் அடியில் முக்கால் மீற்றர் ஊருக்குக் கிடைக்காது. கடும் கோடை வந்தால் பீலிக்கு நடக்க வேண்டித்தான் வரும். அதைக் கமிட்டியில் சொன்னேன். அளவு என் பிழை, பையன் நான் சொன்னதை அப்படியே செய்தான், வலையில் குறையில்லை, எனக்கு இது முந்தின கூட்டத்திலேயே தெரியும் என்றும் சொன்னேன். கடைசி வாக்கியத்துக்குப் பிறகு யாரும் என்னை "சேர்" என்று கூப்பிடவில்லை, அந்தக் கூட்டம் முடியும் வரை.

பையன் அன்று வரவில்லை. அவன் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டான். நான் கூட்டத்தில் சொன்னதை அவன் தாயிடம் போய்ச் சொன்னேன். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சேர்," என்றார்.