கடைசி முகத்துக்கான காத்திருப்பு

ஒன்று முதல் ஆறு வரை எல்லா எண்ணும் ஒரு தடவையாவது விழும்வரை பகடையை உருட்டினால், சராசரியாக எத்தனை உருட்டல் ஆகும்? முகம் ஆறுதானே, எட்டு பத்துக்குள் முடிந்துவிடும் என்றுதான் தோன்றும். விடை 14.7. ஆட்டத்தை மொத்தமாகப் பார்த்தால் இந்த எண் பிடிபடாது. ஒரு புது முகத்திலிருந்து அடுத்த புது முகம்வரை ஒரு காத்திருப்பு என்று ஆறு துண்டாக்கினால் எளிதாகிவிடும்.

முதலில் ஒரே ஒரு காத்திருப்பை எடுத்துக்கொள்வோம். பரமபதத்தில் காயை இறக்க ‘ஒன்று’ விழவேண்டும் என்று காத்திருக்கிறோம். அதற்கான சராசரியை ‘ச’ என்று வைப்போம். ஓர் உருட்டல் எப்படியும் செலவு. ஆறில் ஐந்து பங்கு அது வீணாகி, நாம் தொடங்கிய இடத்திலேயே நிற்போம். ஆகவே ச = 1 + (5/6)ச; அதாவது ச = 6. இதே கணக்குப்படி, ஆறு முகங்களில் ஐந்து நமக்கு ஆகுமென்றால் காத்திருப்பு 6/5. நான்கு ஆகுமென்றால் 6/4. முதல் உருட்டலில் எது விழுந்தாலும் புதிதுதான். அதன்பின் புதுமுகங்கள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன; காத்திருப்புகள் வரிசையாக: 1, 1.2, 1.5, 2, 3, 6. கூட்டினால் 14.7. முதல் மூன்று முகங்கள் 3.7 உருட்டலில் கிடைத்துவிடுகின்றன. மிச்ச மூன்றுக்கு 11 தேவைப்படுகிறது.

எந்த முகம் மிஞ்சும் என்பது முன்னால் விழுந்ததைப் பொறுத்தது, அப்படியிருக்க இவற்றை எப்படிக் கூட்டலாம் என்று கேட்கலாம். மிஞ்சியவை எவை என்பது கணக்கில் நுழைவதே இல்லை. எத்தனை என்பதுதான் நுழைகிறது. மூன்று மிஞ்சினால், அவை எந்த மூன்றானாலும் சராசரிக் காத்திருப்பு இரண்டே. இவ்வளவு நேரம் விழாத எண் இனியாவது சீக்கிரம் விழாதா என்பது இன்னொரு வாதம். பகடைக்கு ஞாபகம் கிடையாது. ஐந்து முகங்களும் வந்தபின் இருபது தடவை வீணாக உருட்டியவருக்கும், இன்னும் வேண்டிய சராசரி அதே ஆறுதான்.

கூர்மையான ஆட்சேபம் வேறொன்று: பலமுறை ஆடிப் பார்த்தால், பாதிக்குமேல் ஆட்டங்கள் 13 உருட்டலுக்குள்ளேயே முடிந்துவிடுகின்றனவே, 14.7 தவறா? தவறில்லை. ஆட்டம் ஆறு உருட்டலுக்குக் குறைவாக முடிய வழியில்லை. நீள்வதற்கோ எல்லையே இல்லை. கடைசி முகம் இழுத்தடிக்கும் சில நீண்ட ஆட்டங்கள் சராசரியை மேலே இழுத்துவிடுகின்றன. ஆகவே 14.7 என்பது ‘பெரும்பாலும் இத்தனை’ என்ற வாக்குறுதி ஆகாது. பல ஆட்டங்களின் மொத்தச் செலவை ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் அது எந்த எண்ணை நெருங்கும் என்பதையே சொல்கிறது. அந்தச் செலவில் ஐந்தில் இரண்டு பங்குக்குமேல் விழுங்குவது ஒற்றைக் கடைசி முகம்.