பெருநாள் மாதத்தை வைத்து சராசரி போடுகிற கடைக்காரர்களுக்கு



பேலியகொடையில் சிறிய துணிக்கடை நடத்தும் ஒரு நானா 2025 மார்ச் முடிந்ததும் கேட்டார்: "சேர், அடுத்த மூன்று மாதத்துக்கு எவ்வளவு யாவாரம் எதிர்பார்க்கலாம்?" புறக்கோட்டையில் சாமான் எடுத்து, முன்தேதி போட்டு செக் கொடுப்பவர். கணக்குப் பிழைத்தால் செக் திரும்பும்.

அவரே ஒரு அசையும் சராசரி போட்டு வைத்திருந்தார். (எண்களை முழுசாக்கித் தருகிறேன்.) ஜனவரி 4 இலட்சம், பெப்ரவரி 4, மார்ச் 10. கூட்டி மூன்றால் பிரித்தால் மாதம் 6 இலட்சம், காலாண்டுக்கு 18. கூட்டல் சரிதான். ஆனால் அந்த மார்ச்சில்தான் முழு நோன்பும் இருந்தது. 31ஆம் தேதி பெருநாள். பெருநாள் யாவாரம் மே மாதத்துக்கும் வரும் என்று அந்தச் சராசரி நினைக்கிறது.

அப்படியென்றால் பன்னிரண்டு மாதச் சராசரி எடுப்போம், எல்லாப் பருவமும் அதில் அடங்கிவிடும் என்பார்கள். நத்தாருக்கு அது சரி. நமக்குச் சரிவராது. பிறை வருடம் சுமார் 11 நாள் குறைவு. 2024 நோன்புப் பெருநாள் ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் வந்தது. ஆக, 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையான பன்னிரண்டு மாதத்துக்குள் இரண்டு நோன்புப் பெருநாள்! மொத்தம் 60 இலட்சம், சராசரி 5, காலாண்டுக்கு 15. இதுவும் கூடுதல்தான். வரப்போகும் மூன்று மாதத்தில் நோன்புப் பெருநாளே இல்லை.

நாங்கள் செய்தது இதுதான். பெருநாள், புதுவருடம், நத்தார் போன்ற விசேஷங்களுக்காக வந்த மேலதிக யாவாரத்தை பில் புத்தகத்தைப் பார்த்துக் கழித்தோம். மீதியை வைத்து சராசரி போட்டால் மாதம் 4 இலட்சம். அதற்கு மேல், எந்த மாதத்தில் எந்த விசேஷம் வருகிறதோ அதை மட்டும் திரும்பக் கூட்டினோம். ஏப்ரலில் சித்திரைப் புதுவருடத்துக்கு 1, ஜூன் ஆரம்பத்தில் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு 1. ஏப்ரல் 5, மே 4, ஜூன் 5. மொத்தம் 14 இலட்சம்.

கஷ்டமான இடம் புதுவருடக் கணக்குத்தான். 2024 இல் நோன்புப் பெருநாளும் புதுவருடமும் ஒரே வாரத்தில் வந்ததால் பில்லில் இரண்டும் கலந்து கிடந்தன. யார் எதற்கு வாங்கினார்கள் என்று நானாவின் ஞாபகத்தைத்தான் நம்பினோம். அதனால் அந்த 1 இலட்சம் கொஞ்சம் தளர்வான எண். அதற்கான செக்கை மட்டும் பிந்திய தேதிக்குப் போடச் சொன்னேன்.

ஏப்ரல் முடிந்ததும் அந்த மாதத்தின் சாதாரண யாவாரத்தைச் சேர்த்து, பழைய ஏப்ரலைத் தள்ளிவிட்டு, மே, ஜூனுக்குத் திரும்பக் கணக்குப் பார்த்தோம். அசையும் சராசரி என்பதே அதுதான், மாதாமாதம் அசைக்க வேண்டும்.

இன்னொன்று. விலை ஏறும் காலத்தில் ரூபாயில் சராசரி போடாதீர்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியபோது, ரூபாய்க் கணக்கில் யாவாரம் கூடியது போலத் தெரிந்த கடைகளில் விற்ற உருப்படிகள் குறைந்துகொண்டிருந்தன. உருப்படிகளை எண்ணிச் சராசரி போட்டு, கடைசியில் இன்றைய விலையால் பெருக்குங்கள்.

பில் புத்தகம் மாதவாரியாக இருந்தால் இன்பொக்ஸில் அனுப்புங்கள், இன்ஷா அல்லாஹ் சேர்ந்து பார்ப்போம். பெருநாளுக்கு முந்திய இரண்டு வாரத்தையும் தனியாகக் குறித்து அனுப்புங்கள்.